கன்னிமூலையைத் தாண்டாத குழாய்

எங்கள் புது வீட்டின் புகைபோக்கியை என் மச்சான் அறுக்கச் சொன்னபோது நான் பாய்லர் அறையில் இருந்தேன். ஆம்பூருக்கு வெளியே ஒரு தோல் தொழிற்சாலையில் பாய்லர் ஓட்டுவது என் வேலை. அதற்கென்று பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்கியவன். நெருப்பைப் பற்றியும் புகையைப் பற்றியும் தெரியாதவர்கள் வாய் திறந்தால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்று சாயங்காலம் மாடியில் ஏறிப் பார்த்தபோதும் வந்தது. இரண்டு ஆள் உயரத்துக்கு நான் நிறுத்தச் சொன்ன இரும்புக் குழாய் இடுப்பளவில் மொட்டையாக நின்றது. கைப்பிடிச் சுவருக்கு மேல் அதன் தலை தெரியவில்லை.

மேஸ்திரியிடம் கேட்டேன். "உங்க மச்சான் வந்தாரு சார். அக்னி மூலை கன்னிமூலைக்கு மேல போகக் கூடாதாம்" என்றார்.

வாஸ்து பார்க்கிறவர்களுக்கு இது விளங்கும். வீட்டின் தென்மேற்குதான் கன்னிமூலை. வீட்டிலேயே உயரமான பகுதி அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்பார்கள். அதனால்தான் எங்கள் பக்கத்தில் தண்ணீர்த் தொட்டியை எல்லோரும் அந்த மூலையில் தூக்கி வைக்கிறார்கள். அடுப்புக்குரிய இடம் தென்கிழக்கு, அக்னி மூலை. அங்கே எழும்புவது எதுவும் தொட்டியைத் தாண்டக் கூடாது. எங்கள் தொட்டி மாடித் தளத்தில் சின்ன மேடை ஒன்றின் மேல் கழுத்தளவில்தான் இருந்தது. ஆகவே புகைபோக்கிக்கு விதிக்கப்பட்டது இடுப்பளவு.

கீழே இறங்கி மனைவியிடம் கத்தினேன். அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நான் கத்தி முடித்ததும் சொன்னாள்.

"வுட்டுடுங்க. அண்ணன் மனசு நிம்மதியா இருக்கட்டும்."

மச்சானுக்குக் கலவை என்ற ஊர்ப் பக்கம் கொஞ்சம் நிலம். ஒரே பெண். பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த அந்தப் பெண் முந்தைய வருடம் காய்ச்சலில் படுத்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் பிழைக்காமல் போய்விட்டாள். காரியம் முடிந்த கையோடு யாரோ ஒரு வாஸ்துக்காரர் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அடுப்படிப் புகைபோக்கி கன்னிமூலைக்கு மேலே நிற்கிறது, அதனால்தான் வீட்டுப் பிள்ளை போனது என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் விடிந்ததும் மச்சான் கடப்பாரையை எடுத்து அந்தப் புகைபோக்கியைத் தானே இடித்துத் தள்ளினார். பெண்ணை எடுத்தபோது அழாத மனிதர், இடிக்கும்போதும் அழவில்லை என்று என் மனைவி சொல்வாள். அப்படிப்பட்டவரிடம் போய்க் குழாயின் நீளத்தைப் பற்றி எப்படிச் சண்டை போடுவது?

ஆனால் அந்த அடுப்பு எங்களுக்கு வெறும் வீட்டு அடுப்பு இல்லை. என் மனைவி பக்கத்து ஷூ கம்பெனிகளுக்கு மதியச் சாப்பாடு அனுப்புகிறவள். சிலிண்டர் கட்டுப்படியாகாது என்று விறகில்தான் சமைப்பாள். பெரிய அண்டாக்கள் உட்காரும் இரட்டை அடுப்பு, பின்னால் ஒரே குழாய். அந்தக் குழாயை நம்பித்தான் அவள் காலையிலிருந்து மதியம்வரை அந்த அறையில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

புகை தானாக மேலே ஏறும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அது பாதிதான் உண்மை. குழாய்க்குள் இருக்கும் சூடான காற்று லேசானது. வெளியே அதே உயரத்துக்கு நிற்கும் குளிர்ந்த காற்று கனமானது. தராசின் இரண்டு தட்டுகள்போல நினைத்துக்கொள்ளலாம். கனமான தட்டு கீழே இறங்குகிறது. அதாவது வெளிக்காற்று அடுப்பின் வாய் வழியாகப் புகுந்து, லேசான புகையை மேலே தள்ளிவிடுகிறது. குழாய் எவ்வளவு உயரமோ, இரண்டு தட்டுக்கும் எடை வித்தியாசம் அவ்வளவு ஜாஸ்தி. குட்டைக் குழாயில் வித்தியாசம் கம்மி. தள்ள ஆள் இல்லாவிட்டால் புகை என்ன செய்யும்? வந்த வழியே சமையலறைக்குள் திரும்பும்.

எங்கள் பாய்லரின் புகைபோக்கி தென்னை மரங்களுக்கு மேலே நிற்பது அழகுக்காக இல்லை. அதற்குப் புகையை இழுக்கும் பெரிய விசிறியும் உண்டு. ஆனால் கரண்ட் போனால் விசிறி நின்றுவிடும், உள்ளே எரியும் விறகு நிற்காது. அந்த நேரத்தில் உயரம் ஒன்றுதான் புகையை வெளியே கொண்டுபோகும். நாங்கள் கதவை லேசாகத் திறந்து பார்த்தால் நெருப்பு உள்பக்கமாகத்தான் சாய்ந்திருக்கும். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு நிம்மதி வரும்.

வீட்டில் அந்த நிம்மதி இல்லை. அண்டாக்கள் அடுப்பின் சூட்டையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். குழாய்க்குப் போகும் புகை வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். சூடு கம்மியானால் எடை வித்தியாசமும் கம்மி. அதை ஈடுகட்ட உயரமாவது வேண்டும், அதுவும் இல்லை. காலையில் குழாய் குளிர்ந்து கிடக்கும்போது அடுப்பு மூட்டினால் கண்ணைத் திறக்க முடியாது. வெயில் காலத்தில் இன்னொரு பேஜார். எங்கள் ஊர் வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வெளிக்காற்றே அனலாக இருக்கும்போது தராசின் இரண்டு தட்டும் கிட்டத்தட்ட ஒரே எடைக்கு வந்துவிடும். இது போதாதென்று குழாயின் வாய் கைப்பிடிச் சுவருக்குக் கீழே ஒளிந்துகொண்டிருந்தது. சுவரைத் தாண்டி வரும் காற்று சுழன்று அதன் தலையில் இறங்கி, ஏறப் பார்க்கும் கொஞ்ச நஞ்சப் புகையையும் அமுக்கிவிடும்.

தங்கை இருமுவதை மச்சானும் பார்த்தார். தங்கை மேல் உயிரை வைத்திருப்பவர். அடுத்த தடவை வரும்போது ஒரு பெரிய எக்ஸாஸ்ட் ஃபேனை வாங்கி வந்து, தானே சுவரை உடைத்து மாட்டிக் கொடுத்தார். ஃபேன் ஓடியதும் அறையிலிருந்த புகை வெளியே போனதைக் கண்டு எல்லோருக்கும் சந்தோஷம். நான் மட்டும் அடுப்பின் வாயைப் பார்த்தேன். ஒரு அறையிலிருந்து காற்றை வெளியே இழுத்தால் அதற்குப் பதில் காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். கதவும் ஜன்னலும் திறந்திருந்தால் அவற்றின் வழியே வரும். மூடியிருந்தால் புகைபோக்கி வழியே, அடுப்பின் புகையையும் சேர்த்துக்கொண்டு கீழே வரும். ஃபேன் போட்டால் ஜன்னலைத் திறந்து வை என்று மனைவியிடம் சொன்னேன். அவளும் திறந்துதான் வைத்தாள். மழை வராத வரைக்கும்.

அந்த நாட்களில் அவளுக்கு மதியமானால் தலைவலி. கண்ணாடியை மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சமையலறையில் ஏதோ சரியில்லை, குழாயை உயர்த்துகிறேன் என்று இரண்டு முறை பேச்செடுத்தேன். தீபாவளிக்கு அண்ணன் வரும்போது பதமாகச் சொல்லிக்கொள்ளலாம், இப்போது வேண்டாம் என்றாள். அண்ணனுக்குத் தெரியாமல் செய்ய அவளுக்கு மனசு வரவில்லை.

தீபாவளிக்கு முன்பே மழை பிடித்துக்கொண்டது. ஷூ கம்பெனியில் யாரோ ஒரு சூப்பர்வைசர் ஓய்வு பெறுகிறார் என்று அவருடைய பிரிவுக்காரர்கள் பிரியாணி சொல்லியிருந்தார்கள். சாரல் அடித்ததால் அவள் ஜன்னலைச் சாத்தியிருக்கிறாள். கதவையும் ஒருக்களித்திருக்கிறாள். பிரியாணியைத் தம் போட்டு, எரியும் விறகை இழுத்துவிட்டு, தணல் கங்குகளை மட்டும் அடியிலும் மூடியின் மேலும் பரப்பியிருக்கிறாள். புகை இல்லை. ஃபேன் சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. அறை சுத்தமாக இருப்பதாகத்தான் நினைத்திருப்பாள்.

புகை இல்லாததுதான் ஆபத்து. கனன்றுகொண்டிருக்கும் கங்கிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும். நிறமில்லை, வாசனை இல்லை, கண்ணையும் எரிக்காது. சுடர் அடங்கியதால் குழாய் ஆறிப்போயிருக்கும். குட்டைக் குழாய் ஆறிப்போனால் அது குழாயே இல்லை. மேலே ஃபேன் இழுக்க இழுக்க, அந்த விஷமெல்லாம் அறைக்குள் இறங்கியது.

சாப்பாட்டுக் கேரியர்களை ஏற்ற வந்த ஷேர் ஆட்டோக்காரர்தான் அவளைப் பார்த்தார். அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவாக்கில் சாய்ந்திருந்தாளாம். தூங்குகிறாள் என்று முதலில் நினைத்திருக்கிறார். கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, மழையிலேயே வெளியே தூக்கிவந்து போட்டிருக்கிறார். அந்த மனிதர் டீ குடிக்க நின்றிருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். இன்றைக்கும் அவர் ஆட்டோவைத் தெருவில் பார்த்தால் எனக்குக் கை தானாகக் குவிகிறது.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்துப் படுக்க வைத்திருந்தார்கள். முகமூடிக்குள் அவள் மூச்சு விடுவதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேறு எதையும் அவ்வளவு நேரம் நான் பார்த்ததில்லை. கண்ணைத் திறந்ததும் கம்பெனிக்குச் சாப்பாடு போய்விட்டதா என்று கேட்டாள். போய்விட்டது என்று பொய் சொன்னேன்.

மச்சான் கலவையிலிருந்து பஸ் மாறி மாறி வந்து சேர்ந்தார். தங்கையின் தலையைத் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு என்னை வராந்தாவுக்கு அழைத்துப் போய், அந்த வீட்டில் இன்னும் ஏதோ தோஷம் இருக்கிறது, தொட்டியை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பார்க்கலாமா என்று கேட்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அது ஆஸ்பத்திரி என்பதே மறந்துவிட்டது.

"தொட்டியை எவ்ளோ ஒசரம் வேணா தூக்குங்க மச்சான். அது மூச்சு வுடாது. கீழ ஒருத்தி மூச்சு வுட்டுனு இருந்தா. அந்தக் குழாயை அறுத்ததால அவ செத்துருப்பா."

அவர் முகம் சுண்டிப்போனது. சொல்லியிருக்கக் கூடாது என்று எனக்கு அப்போதே தெரிந்தது. ஆனால் சொன்னது பொய் இல்லை. அவர் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். தங்கை வீடு திரும்பும்வரை கூடவே இருந்தார், என்னிடம் மட்டும் பேசவில்லை.

அவளை வீட்டுக்கு அழைத்து வந்ததும் நான் பழைய இரும்புக் கடைக்குப் போய், அதே அளவில் ஒரு நீளக் குழாயைத் தேடிப்பிடித்து வந்தேன். மேஸ்திரியை வரச் சொன்னேன். குழாயைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனால், அந்த மொட்டைக் குழாய்க்கு முன்னால் மச்சான் நின்றிருந்தார். சண்டைக்கு நிற்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, சாமி கோயில் வாசலில் நிற்பவர்போல நின்றிருந்தார். வேண்டாம் மாப்ள என்று ஒரே ஒரு முறை சொன்னார். மேஸ்திரி என்னைப் பார்த்தார். நான் என்ன செய்வது என்று தெரியாமல் குழாயைத் தரையில் சாய்த்து வைத்தேன்.

பின்னாலேயே என் மனைவி படியேறி வந்துவிட்டாள். இரண்டு படிக்கு ஒரு முறை நின்று நின்று ஏறியிருக்கிறாள். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

"அண்ணா, நீ எந்த மூலையில சமைக்கச் சொன்னாலும் சமைக்கறேன். ஆனா அந்த ரூம்ல போய் நின்னா எனக்கு இப்ப பயமா இருக்குது" என்றாள்.

அவள் பயம் என்ற வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை. மச்சானும் கேட்டிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். அவர் கட்டியிருந்த கைகள் இறங்கின. பார்ப்பதற்கு மட்டும் வைத்துப் பார், சரியில்லாவிட்டால் எடுத்துவிட வேண்டும் என்றார். சரி என்றேன்.

முதலில் பழைய நிலையையே பார்க்கலாம் என்று அவரைக் கீழே அழைத்துப் போனேன். ஜன்னலையும் கதவையும் திறந்துவைத்து, அடுப்பில் ஒரு கை சுள்ளியை எரியவிட்டு, அது அடங்கியதும் அவர் கையில் ஒரு ஊதுவத்தியைக் கொடுத்து அடுப்பின் வாய்க்கு நேராகப் பிடிக்கச் சொன்னேன். ஊதுவத்திப் புகை நேராக மேலே போய், கொஞ்சம் தயங்கி, அவர் முகத்துக்கே திரும்பி வந்தது. ஜன்னலையும் கதவையும் கொஞ்ச நேரம் சாத்திவிட்டு, அவர் மாட்டிக் கொடுத்த ஃபேனைப் போட்டேன். புகை மட்டும் இல்லை, அடுப்பிலிருந்து சாம்பல் தூசியும் அறைக்குள் வந்தது. உடனே நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்தேன். அவர் ஃபேனின் சுவிட்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேலே மேஸ்திரி குழாயை ஏற்றிக் கம்பி கட்டி நிறுத்தினார். தொட்டியைத் தாண்டி, கைப்பிடிச் சுவரைத் தாண்டி அது நின்றது. அடுப்பில் மறுபடி சுள்ளி போட்டேன். முதலில் கொஞ்சம் புகைந்தது. குளிர்ந்த குழாய் சூடாகும்வரை அப்படித்தான் இருக்கும். ஒரு பழைய செய்தித்தாளைச் சுருட்டிக் கொளுத்திக் குழாயின் அடியில் பிடித்தேன். உள்ளே இருந்த காற்று சூடானதும் அடுப்பு லேசாக உறுமத் தொடங்கியது. மச்சான் ஊதுவத்தியை நீட்டினார். புகை நூல்போல வளைந்து, அவர் விரலை ஒட்டி, அடுப்புக்குள் போனது. கையை நகர்த்திப் பார்த்தார். எங்கே பிடித்தாலும் உள்ளேதான் போனது.

சுள்ளி எரிந்து கங்காகும்வரை அவர் அங்கேயே குந்தியிருந்தார். கங்கான பிறகும் மறுபடி ஊதுவத்தியைப் பிடித்தார். அப்போதும் புகை உள்ளே போனது. இனிமேல் தம் போடும்போது பயமில்லை என்று நான் மனைவியிடம் சொன்னேன். ஜன்னலை மட்டும் எப்போதும் திறந்தே வைக்க வேண்டும், வெளிக்காற்று உள்ளே வந்தால்தான் அது தள்ளும் என்றும் சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டு அரிசி களைய உட்கார்ந்தாள்.

மச்சான் பேசியபோது அடுப்பைப் பார்த்துதான் பேசினார்.

"எங்க வூட்டுக் குழாயை ஒசரமா கட்டச் சொன்னதே எம் பொண்ணுதான் மாப்ள. புகையில கண்ணு எரியுதுப்பா, படிக்க முடியலன்னுச்சு. நான்தான் மேஸ்திரிய வச்சு ஏத்திக் கட்டினேன். அடுத்த மழைக்குள்ள போய்ட்டா." ஊதுவத்திச் சாம்பல் அவர் விரலில் விழுந்தது. "நான் கட்டினதுதானே அவளைக் கொண்டுபோச்சுன்னு இத்தினி நாளா இருக்கேன்."

என் மனைவி அரிசியிலிருந்து கையை எடுத்தாள். இது அவளுக்கும் தெரியாது. அவர் ஏன் அந்தக் குழாயை அப்படி இடித்தார், எங்கள் குழாய்க்கு முன்னால் ஏன் அப்படி நின்றார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் சொன்னதை நினைத்தபோது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது. அவர் பக்கத்தில் நானும் குந்தினேன்.

"நீங்க கட்டினது சரியான குழாய் மச்சான்" என்றேன். "அந்தப் புள்ள இருந்த வரைக்கும் நல்ல காத்துதான் இழுத்துச்சு. கொண்டுபோனது காய்ச்சல். நீங்க இல்ல."

அவர் என்னைப் பார்த்தார். பொய் சொல்கிறேனா என்று தேடுகிற பார்வை அது. பாய்லர் விஷயத்தில் நான் யாருக்காகவும் பொய் சொல்ல மாட்டேன் என்பது அவருக்குத் தெரியும். அவர் உதடு கோணியது. பிறகு, பெண்ணைத் தூக்கிக்கொண்டு போன அன்று வராத அழுகை அந்தச் சமையலறையில் வந்தது. கண்ணில் புகை பட்டுவிட்டது என்று சொல்லிக்கொள்ள அந்த அறையில் புகை இல்லை.